மூக்குக்கண்ணாடி ஃபிரேமின் நிறம்: முடியோடு சேர்வதா, தோலோடு சேர்வதா, தனித்து நிற்பதா?

கண்ணாடிக் கடையின் மேசையில் நின்று பல ஆண்டுகளாக ஃபிரேம் எடுத்துக் கொடுத்து வரும் எனக்கு, பவரைப் பற்றிய கேள்விகளைவிட நிறத்தைப் பற்றிய கேள்விகளே அதிகம் வருகின்றன. ஒரு கையில் தடித்த பிளாஸ்டிக்கால் ஆன கறுப்பு ஷெல் ஃபிரேம், மறு கையில் ட்ரான்ஸ்பரண்ட் ஃபிரேம் என்று அரை மணி நேரம் மாறி மாறிப் போட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் கூட வந்தவர் சொல்வதை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் பலர். இதற்கு வழிகாட்டும் ஆங்கிலக் குறிப்புகளில் பெரும்பாலானவை, பொன்னிற முடி, செந்நிற முடி, பழுப்பு முடி, கருமுடி என்று மக்களைப் பிரித்துத் தொடங்குகின்றன. 1980களில் அமெரிக்காவில் பரவிய, மனிதர்களை நான்கு பருவங்களாகப் பிரிக்கும் நிறமுறையும் அப்படிப்பட்டதே. அந்த முறையில் நம்மில் அநேகமாக எல்லோரும் கருமுடி என்ற ஒரே காரணத்தால் ‘குளிர்காலம்’ என்ற ஒரே பெட்டிக்குள் போய்ச் சேர்கிறோம். சந்தன நிறம், மாநிறம், கருநிறம் என்று இத்தனை வேறுபாடுகள் உள்ள முகங்களுக்கு ஒரே விடை கிடைத்தால் அந்த விடையால் பயன் இல்லை. ஆகவே கருமுடியும் பழுப்புத் தோலும் உள்ளவர்களுக்கு ஏற்ற அளவுகோல்களை முதலில் சொல்லிவிட்டு, கடைகளில் கிடைக்கும் ஐந்து வகை நிறங்களை அவற்றால் எடைபோட முயல்கிறேன்.

## எவற்றைக் கொண்டு ஒப்பிடுவது

முதலாவது, அடர்த்தி. முகத்தில் ஃபிரேம் எதனுடன் உறவு கொள்கிறது என்பதே அடிப்படைக் கேள்வி. ஃபிரேமின் நிறம் முடியின் அடர்த்தியோடு ஒத்துப்போகலாம். தோலின் அடர்த்தியோடு ஒத்துப்போகலாம். இரண்டோடும் சேராமல் மூன்றாவது நிறமாகத் தனித்து நிற்கலாம். இம்மூன்றில் எது வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இதில் முடி என்று நான் முதலில் சொல்வது புருவத்தை. ஃபிரேமின் மேல்விளிம்பு புருவத்தை ஒட்டித்தான் அமர்கிறது. தலைமுடி அதற்குப் பிறகுதான் கண்ணில் படும். தலை நரைத்த பின்னும் பலருக்குப் புருவம் சில ஆண்டுகள் கருமையாகவே இருக்கும் என்பதால், நரைத்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காகக் கறுப்பு ஃபிரேமைக் கைவிட வேண்டியதில்லை.

இரண்டாவது, தோலின் அடிச்சாயல். இருவர் ஒரே அளவு மாநிறமாக இருந்தாலும் ஒருவரின் தோலில் மஞ்சள் தூக்கலாகவும், மற்றவரின் தோலில் செம்மையோ நீலம் கலந்த கருமையோ தூக்கலாகவும் இருக்கும். இதை அறிய மணிக்கட்டு நரம்பின் நிறத்தைப் பார்க்கச் சொல்வார்கள். அந்தச் சோதனை வெளிர் தோலுக்கு உருவானது. மாநிறத்துக்கு மேற்பட்ட அடர்த்தியில் நரம்பு பச்சையாகவே தெரியும், அல்லது தெரியவே தெரியாது. ஆகவே அதை நம்ப முடியாது. இதற்கு மாற்றாக ஒரு துணிச் சோதனையை நான் சொல்வதுண்டு. பளிச்சென்று வெளுத்த வெள்ளைத் துணி ஒன்றையும், வெளுக்காத கோரா நிறப் பருத்தித் துணி ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். முகத்தைக் கழுவி, பவுடர் பூசாமல், நேர்வெயில் படாத வாசற்படியில் நின்று, இரண்டையும் மாறி மாறித் தாடைக்குக் கீழே பிடித்துப் பாருங்கள். எதில் சிவப்பாகத் தெரிகிறோம் என்று பார்த்தால் தவறான விடைதான் கிடைக்கும். எந்தத் துணியைப் பிடிக்கும்போது கண்ணுக்குக் கீழுள்ள கருவளையமும் வாயோரக் கருமையும் குறைவாகக் கண்ணில் படுகின்றன என்று பாருங்கள். கோராத் துணியில் குறைந்தால் உங்களுடையது மஞ்சள் சாயல். வெள்ளைத் துணியில் குறைந்தால் செம்மையோ நீலமோ தூக்கலான குளிர்ந்த சாயல். இரண்டிலும் வேறுபாடு தெரியவில்லை என்றால் இந்த அளவுகோலை விட்டுவிட்டு மற்றவற்றைப் பார்த்தாலே போதும்.

மூன்றாவது, அடுத்த இரண்டு ஆண்டுகளில் முடி என்னவாகப் போகிறது என்பது. ஒரு ஃபிரேமை இரண்டு ஆண்டுகளாவது போடுகிறோம். முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. சாயம் பூசுவதை நிறுத்த நினைப்பவருக்குத் தோளளவு முடியில் கருமை முழுவதும் இறங்கி வெளியேற ஏறக்குறைய அதே காலம் ஆகும். அதனால் இன்றைய முடியைப் பார்த்து வாங்கும் ஃபிரேம், பாதி வழியில் வேறொரு தலைக்கு உரியதாகிவிடும்.

நான்காவது, ஃபிரேமின் நிறம் எப்படி மூப்படைகிறது என்பதும் லென்ஸ் அதை என்ன செய்கிறது என்பதும். கடையில் யாரும் கேட்காத கேள்வி இது. செலவு ஒளிந்திருப்பதும் இங்கேதான்.

அளவுகோல்கள் இவ்வளவுதான். ஆனால் இவற்றை எந்த வெளிச்சத்தில் பார்க்கிறோம் என்பது இவற்றுக்கு நிகரான முக்கியம் உடையது. பல கடைகளில் இருப்பது 6500 கெல்வின் அளவிலான, நீலம் கலந்த வெள்ளை எல்இடி வெளிச்சம். அதன் கீழ் மஞ்சள் சாயல் தோல் சாம்பல் பூத்ததுபோல் தெரியும். வெள்ளி நிறமும் ட்ரான்ஸ்பரண்டும் தகுதிக்கு மேல் அழகாகத் தெரியும். பிடித்த ஃபிரேமைப் போட்டுக்கொண்டு கடைவாசலின் நிழலில் நின்று, கூட வந்தவரைப் படம் எடுக்கச் சொல்லிப் பாருங்கள். தோலை வெளுக்கச் செய்யும் அழகூட்டும் வசதி கைப்பேசியில் இருந்தால் அதை அணைத்துவிட்டு எடுக்க வேண்டும்.

## கறுப்பு

கருநிறத்தவர்கள் கறுப்பு ஃபிரேம் போட்டால் இன்னும் கறுப்பாகத் தெரிவார்கள் என்பது கடைகளில் அடிக்கடி கேட்கும் கூற்று. நிறவியல் இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரோல் 1839இல் விளக்கிய நிற முரண் விதிப்படி, பக்கத்தில் அடர்த்தியான ஒன்று இருக்கும்போது அடுத்திருப்பது வெளிர்ந்து தெரியும். பக்கத்தில் வெளிர்ந்த ஒன்று இருக்கும்போது அடுத்திருப்பது அடர்ந்து தெரியும். எனவே அடர்ந்த தோலை மேலும் அடர்த்தியாகக் காட்டக்கூடியது வெள்ளை ஃபிரேமே; கறுப்பு அல்ல. கருநிறமும் கருமுடியும் உள்ளவருக்குக் கறுப்பு ஃபிரேம் முடியோடும் புருவத்தோடும் இயல்பாகச் சேர்ந்து, முகத்தில் ஒரு தெளிவான கோடாக அமைகிறது.

கறுப்பு உண்மையில் இடறும் இடம் வேறு. வெளிர்ந்த சந்தன நிறத் தோலும், மெல்லிய புருவமும், முன்தலையில் குறைந்த முடியும் உள்ளவருக்கு, அந்தக் கருமையோடு சேர முகத்தில் வேறு எதுவும் இல்லை. அவரைப் பார்ப்பவர்களுக்கு முதலில் ஃபிரேம்தான் தெரியும். அடர்ந்த சாயம் பூசிய முடியோடு தடித்த கறுப்பு ஃபிரேம் சேரும்போதும் முகம் இறுகித் தெரிவதைக் கண்டிருக்கிறேன். இயற்கையான கருமுடி வெயிலில் ஆழ்ந்த பழுப்பாக மின்னும்; சாயக் கருமைக்கு அந்த மினுக்கம் இல்லை.

செலவு நோக்கில் கறுப்பு சிக்கனமானது. மைனஸ் பவர் நான்குக்கு மேல் போகும்போது தடிக்கும் லென்ஸ் விளிம்பை அகன்ற கறுப்பு ஷெல் ஓரளவு மறைத்துவிடும். ஆனால் அசிடேட் என்னும் தரமான பிளாஸ்டிக்கால் ஆன ஃபிரேமாக இருந்தாலும், வியர்வையும் முக எண்ணெயும் படும் காதோரத்திலும் மூக்குப் பாலத்திலும் நாளடைவில் வெள்ளை பூக்கும். கறுப்பில் அது பளிச்சென்று தெரியும். அசிடேட்டில் நிறம் உள்வரை ஒரே சீராக இருப்பதால் கடையில் கொடுத்து மெருகேற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். மேலே மட்டும் சாயம் பூசிய மலிவான பிளாஸ்டிக்குக்கு அந்த வழி இல்லை.

## ஆமையோட்டுப் பழுப்பு

பழுப்பும் தேன்நிறமும் திட்டுத்திட்டாகக் கலந்த இந்த வகையைச் சில கடைகளில் டார்டாய்ஸ் என்றும், சில கடைகளில் டெமி என்றும் சொல்வார்கள். ஒரு காலத்தில் அழுங்காமையின் ஓட்டிலிருந்தே ஃபிரேம் செய்தார்கள். அந்த ஆமை அருகிப்போனதால் அதன் பன்னாட்டு வணிகம் 1970களில் தடைசெய்யப்பட்டது. இன்று கிடைப்பவை அதே திட்டுகளை அசிடேட்டில் கலந்து செய்பவை.

ஒரே ஃபிரேமில் இரண்டு அடர்த்திகள் இருப்பதே இதன் வலிமை என்று நான் கருதுகிறேன். கரும்பழுப்புத் திட்டு புருவத்தோடு சேர்கிறது. தேன்நிறத் திட்டு மாநிறத் தோலோடு சேர்கிறது. முடியோடு சேர்வதா, தோலோடு சேர்வதா என்று முடிவு செய்ய முடியாதவருக்கு இது இரண்டையும் ஒருசேரத் தருகிறது. மஞ்சள் சாயல் உள்ள மாநிறத்துக்கு இதைவிடப் பொருத்தமான நிறத்தை நான் கண்டதில்லை. மருதாணியால் செம்பட்டையாகிய முடிக்கும் இது நன்றாக இசையும்.

தேன்நிறத் திட்டு தோலின் அடர்த்திக்கு மிக அருகில் வந்துவிட்டால் ஃபிரேம் முகத்தில் கரைந்து, அழுக்குப் படிந்ததுபோல் தோன்றிவிடும். திட்டு தோலைவிட ஒரு படியாவது வெளிர்ந்தோ அடர்ந்தோ இருக்க வேண்டும். குளிர்ந்த சாயல் உள்ள ஆழ்ந்த கருநிறத்தில் மஞ்சள் தேன்திட்டு ஒட்டாமல் நிற்கும்; அவர்களுக்குச் செம்பழுப்புத் திட்டு உள்ளதே நல்லது. இன்னொன்று, விலை குறைந்தவற்றில் இந்தத் திட்டு வெறும் அச்சாக மேலே ஒட்டப்பட்டிருக்கும். ஃபிரேமைப் பக்கவாட்டில் திருப்பி, வெட்டு விளிம்பில் திட்டு உள்ளே தொடர்கிறதா என்று பார்த்தால் அது தெரிந்துவிடும்.

## தங்கம், வெள்ளி, கன்மெட்டல்

உலோக ஃபிரேம்கள் மெல்லியவை என்பதால் முகத்தில் அவற்றின் நிறம் குறைவாகவே பேசும். தேர்வு கடினமாக இருப்பவர்களுக்கு இதனாலேயே இவை பாதுகாப்பானவை. மஞ்சள் சாயல் தோலுக்குத் தங்கமும், குளிர்ந்த சாயலுக்கு வெள்ளியும் கருஞ்சாம்பல் நிறக் கன்மெட்டலும் என்ற பொதுவிதி பெரும்பாலும் சரியாகவே வருகிறது. ஆழ்ந்த கருநிறத்தில் மட்டும் இந்த விதியை நான் தளர்த்துவேன். அங்கே தங்கம், சாயல் எதுவானாலும், தோலுக்கும் உலோகத்துக்கும் இடையிலான இடைவெளியாலேயே ஒளிரும். நகை அணியும் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

நரைத்த முடியில் நிலைமை மாறுகிறது. வெள்ளி முடிக்குப் பக்கத்தில் மஞ்சள் தூக்கலான பளபளக்கும் தங்கம், முடியில் மஞ்சள் படிந்ததுபோன்ற தோற்றத்தைத் தரும். மங்கல் மெருகுள்ள வெளிர் தங்கமோ கன்மெட்டலோ இதைத் தவிர்க்கும்.

இந்த வகையின் மறைச்செலவு பெரியது. தங்க நிறம் என்பது மேற்பூச்சு. நம் ஊர் வெயிலிலும் வியர்வையிலும் அது முதலில் காதுக்கு மேலேயும் மூக்குத்தாங்கியின் அருகிலும் தேய்ந்து, உள்ளிருக்கும் சாம்பல் நிறத்தைக் காட்டும். மூக்குத்தாங்கியின் திருகைச் சுற்றிப் பச்சையாகப் படிவது, உலோகக் கலவையிலுள்ள செம்பு வியர்வையோடு வினைபுரிவதால் வருவது. கவரிங் நகை போட்டால் அரிப்பு வருகிறவர்களுக்கு நிக்கல் ஒவ்வாமை இருக்க வாய்ப்பு உண்டு. அவர்கள் சாதாரண உலோக ஃபிரேம் போட்டால் மூக்கின் இரு பக்கமும் கருந்தடம் விழும். பழுப்புத் தோலில் அத்தகைய தடம் மறையப் பல மாதங்கள் ஆகும். நிறத்துக்காக வாங்கி, நிறம் கெட்டுப்போகும் கதை இது. அப்படிப்பட்டவர்கள் டைட்டானியத்துக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண்செலவு ஆகாது.

## ட்ரான்ஸ்பரண்ட்

இளையவர்கள் இன்று அதிகம் கேட்பது இது. நிறமே இல்லாததால் எல்லோருக்கும் பொருந்தும் என்று நினைக்கிறார்கள். அது பாதிதான் உண்மை. ஃபிரேமின் வழியே தெரிவது அவரவர் தோல். ஆகவே கண்ணுக்குக் கீழ் கருவளையம் உள்ளவருக்குக் கீழ்விளிம்பு அந்தக் கருமையின் மேலேயே அமர்ந்து, அதற்கு ஒரு சட்டம் போட்டதுபோல் ஆகிவிடும். முற்றிலும் நிறமற்ற ஃபிரேமுக்கு மாறாக, இளந்தேன் அல்லது இளம்பழுப்புச் சாயம் கலந்த ட்ரான்ஸ்பரண்டை எடுத்தால் இந்தக் குறை பெருமளவு நீங்கும்.

லென்ஸின் ஓரம் இதில் ஒளிந்துகொள்ள இடமில்லை. மைனஸ் பவர் மூன்றைத் தாண்டினால் ஓரத்தில் வெண்வளையங்கள் தெரியத் தொடங்கும். மூப்பும் இதில் கடுமையானது. வெயிலாலும் முக எண்ணெயாலும் நிறமற்ற ஃபிரேம் மெல்ல மஞ்சளிக்கும். கறுப்பில் பூக்கும் வெள்ளையைப் போல மெருகேற்றி இதைப் போக்கிவிட முடியாது. வெயிலில் அலையும் வேலை உள்ள ஒரு பெரியவருக்கு, அவருடைய நரைமுடிக்கு எடுப்பாக இருக்கிறது என்று நானே நிறமற்ற ஃபிரேமைப் பரிந்துரைத்தேன். ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு அவர் கொண்டுவந்து காட்டியபோது அது பழைய பிளாஸ்டிக் டப்பாவின் நிறத்தில் இருந்தது. அதன்பின் வெயிலில் வேலை செய்பவர்களுக்கு நான் இதைச் சொல்வதில்லை. குறைந்த பவர், பெரும்பாலும் உள்ளறை வேலை, கருவளையம் இல்லாத முகம் ஆகிய மூன்றும் சேர்ந்தவருக்கு இது மிக நல்ல தேர்வு.

## ஒயின் சிவப்பு, கருநீலம், கரும்பச்சை

முடியோடும் தோலோடும் சேராமல் தனித்து நிற்பவை இவை. பழுப்புத் தோலில் ஆழ்ந்த நிறங்கள் எடுபடும் அளவுக்கு வெளிர் நிறங்கள் எடுபடுவதில்லை. செவ்ரோலின் அதே விதி இங்கும் வேலை செய்கிறது: நிறம் ஒன்று பக்கத்திலுள்ளதைத் தன் எதிர்நிறத்தை நோக்கித் தள்ளும். பளிச்சென்ற நீலம் மஞ்சள் சாயல் தோலை மேலும் மஞ்சளாக்கும்; அதே நீலம் கருநீலமாக ஆழ்ந்துவிட்டால் தள்ளும் வலு குறைந்து, ஏறக்குறையக் கறுப்பின் வேலையைச் செய்யும். கரும்பச்சை தோலின் செம்மையைச் சற்றே உயர்த்துவதால் மங்கலாகத் தெரியும் மாநிறத்துக்கு நல்லது. முகப்பருச் சிவப்பு உள்ளவர்களுக்கு அதே காரணத்தால் ஆகாது. ஒயின் சிவப்பு குளிர்ந்த சாயலுக்கும் கருமுடிக்கும் மிக அழகு. மருதாணிச் செம்பட்டைக்குப் பக்கத்தில் மட்டும் இரண்டும் மோதும். ஒரே கண்ணாடி வைத்திருப்பவர் உடையோடு ஒவ்வொரு நாளும் சமரசம் செய்ய வேண்டியிருக்கும் என்பதால், இவற்றை நான் இரண்டாவது ஃபிரேமாகவே சொல்வேன்.

## ஒரே பார்வையில்

| நிறம் | சிறப்பாகப் பொருந்தும் தோலும் முடியும் | தவிர்க்க வேண்டிய நிலை | மறைச்செலவு |
|---|---|---|---|
| கறுப்பு | மாநிறம் முதல் கருநிறம் வரை, அடர்ந்த கரும்புருவம் | சந்தன நிறம், மெல்லிய புருவம், குறைந்த முடி | வெள்ளை பூத்தல், மெருகேற்றலாம் |
| ஆமையோட்டுப் பழுப்பு | மஞ்சள் சாயல் மாநிறம்; கருமுடி, மருதாணி முடி | திட்டும் தோலும் ஒரே அடர்த்தியாக இருத்தல் | அச்சுத் திட்டு உரிதல் |
| தங்கம் | மஞ்சள் சாயல். ஆழ்ந்த கருநிறம் | பளபளப்பான தங்கத்துடன் முழு நரை | பூச்சுத் தேய்தல், ஒவ்வாமை |
| வெள்ளி, கன்மெட்டல் | குளிர்ந்த சாயல். நரைமுடி | சாம்பல் பூத்துத் தெரியும் மஞ்சள் சாயல் தோல் | தங்கத்துக்கு உரியதே |
| ட்ரான்ஸ்பரண்ட் | எந்த நிறமும், கருவளையம் இல்லாதவரை | அதிக மைனஸ் பவர், வெயில் வேலை | மஞ்சளித்தல். சரிசெய்ய இயலாது |
| ஆழ்ந்த வண்ணங்கள் | நிறத்துக்கு ஏற்ப மாறும் | ஒரே கண்ணாடி வைத்திருப்பவர் | இரண்டாவது ஃபிரேம் வாங்க நேர்தல் |

## ஓர் ஆசிரியையின் தேர்வு

சென்ற ஆண்டு நாற்பத்தெட்டு வயது ஆசிரியை ஒருவர் கல்லூரியில் படிக்கும் மகளோடு கடைக்கு வந்தார். மஞ்சள் சாயல் உள்ள மாநிறம். பத்தாண்டாகக் கருஞ்சாயம் பூசிய தோளளவு முடி. அதை அந்த மாதத்தோடு நிறுத்த முடிவு செய்திருந்தார். புருவம் இயற்கைக் கருமை. மைனஸ் மூன்றரை பவர், அதோடு படிக்கும் பவரும் சேர்ந்த புரோகிரஸிவ் லென்ஸ். மகள் எடுத்தது ட்ரான்ஸ்பரண்ட். அம்மாவின் கையில் இருந்தது, பழகிப்போன கறுப்பு.

ட்ரான்ஸ்பரண்டை அவர் போட்டுப் பார்த்தபோதே இரண்டு குறைகள் தெரிந்தன. கீழ்விளிம்பு கருவளையத்தின் மேல் அமர்ந்தது. அவருடைய பவருக்கு ஓரத்தில் வளையங்களும் வரும். கறுப்பு அன்றைக்குக் குறையின்றி இருந்தது. ஆனால் சாயம் இறங்க இறங்க, நெற்றிக்கு மேல் வெள்ளையும் கீழே சாயக் கருமையுமாக முடி இருக்கப்போகும் அடுத்த இரண்டு ஆண்டுகளில், தடித்த கறுப்புக் கோடு ஒன்றும் சேர்ந்தால் முகத்துக்கு மேல் மூன்று பட்டைகள் தெரியும். எனவே மேல்விளிம்பு கரும்பழுப்பாகவும், கீழ்விளிம்பு போகப் போகத் தேன்நிறமாக வெளிர்வதாகவும் உள்ள ஓர் ஆமையோட்டு வகை அசிடேட்டை எடுத்துக் கொடுத்தேன்.

“தம்பி, இது கொஞ்சம் வயசானவங்க போடுற மாதிரி இருக்குமோ?” என்றார்.

“உள்ளே வெளிச்சம் அப்படிக் காட்டுதும்மா. வாசலுக்கு வந்து பாருங்க” என்றேன்.

வாசல் நிழலில் மகள் மூன்றையும் படம் எடுத்து அடுத்தடுத்துக் காட்டினாள். ட்ரான்ஸ்பரண்ட் போட்ட முதல் படத்தில் பார்வை கண்ணுக்குக் கீழே போனது. இரண்டாவதில் ஃபிரேமுக்குப் போனது. மூன்றாவதில் நேரே கண்களுக்குப் போனது. அதையே வாங்கிச் சென்றார்கள்.

எட்டு மாதம் கழித்துத் திருகு முறுக்க வந்தபோது, உச்சி வகிட்டின் இரு பக்கமும் நான்கு விரல் அகலத்துக்கு நரை இறங்கியிருந்தது. புருவம் அப்படியே இருந்ததால் ஃபிரேமின் மேல்விளிம்புக்கு இன்னும் துணை இருந்தது. புருவமும் வெளுக்கத் தொடங்கும்போது இந்தப் பழுப்பு சற்று வெம்மையாகத் தோன்றும். அப்போது மங்கல் மெருகுள்ள வெளிர் தங்க ஃபிரேமுக்கு மாறலாம் என்று அவரிடம் சொல்லி அனுப்பினேன்.